‘போர்டு போச்சு’ என்றால் உடனே நம்பலாமா? கேபினெட்டுக்கு வெளியே ஒரு சோதனை!

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு சித்தி மகனிடமிருந்து போன். "அண்ணா, சிஸ்டம் ஆன் ஆகல. கடையில காட்டினேன், மதர்போர்டு ஷார்ட் ஆயிடுச்சுன்னு சொல்றாங்க. இந்த போர்டு இப்ப கிடைக்காதாம். புது போர்டு, பிராசஸர், ரேம் எல்லாம் சேர்த்து 24 ஆயிரம் ஆகும்ங்கிறாங்க. மாத்திடட்டுமா?"

அவன் கல்யாண வீடியோ எடிட்டர். திங்கட்கிழமை ஒரு வீட்டுக்கு வீடியோ கொடுத்தாக வேண்டும். முன்பணம் வாங்கிச் செலவும் செய்துவிட்டான். 24 ஆயிரம் ரூபாய் என்பது அவனுக்கு ஒரு கல்யாண ஆர்டரில் கையில் நிற்கும் பணம்.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "போர்டை கேபினெட்ல இருந்து கழட்டி, வெளியே வச்சு ஆன் பண்ணிப் பாத்தாங்களா?"

"இல்லண்ணா. ரேமைக் கழட்டிப் பாத்தாங்க, கிராபிக்ஸ் கார்டைக் கழட்டிப் பாத்தாங்க. உள்ள வச்சேதான் பாத்தாங்க."

"அப்போ எதையும் வாங்காதே. நான் வர்றேன்."

கம்ப்யூட்டர் ஆன் ஆகாதபோது எல்லோரும் செய்வது, ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது. சரியான வழிதான். ஆனால் ரேம், கார்டு, ஹார்டு டிஸ்க் என்று எல்லாவற்றையும் கழற்றுகிற நாம், கேபினெட்டை மட்டும் கழற்றுவதே இல்லை. அது வெறும் இரும்புப் பெட்டிதானே, அதில் என்ன பழுதாகும் என்று நினைக்கிறோம். அந்த நினைப்பால்தான் நல்ல மதர்போர்டுகள் ‘செத்துப்போன’ போர்டுகளாகக் குப்பைக்குப் போகின்றன. போர்டை வெளியே வைத்துச் சோதிக்காமல் ‘போர்டு போச்சு’ என்று யாரும் சொல்லக் கூடாது, சொன்னால் நாமும் ஏற்கக் கூடாது என்பது என் கருத்து. ஏன் என்பதை அன்றைய கதையோடு சேர்த்தே சொல்கிறேன்.

கேபினெட் எப்படிக் குற்றவாளி ஆகும்?

மதர்போர்டின் பின்பக்கத்தைப் பார்த்திருக்கிறீர்களா? முன்பக்கம் பொருத்திய பாகங்களின் முனைகள் சாலிடர் செய்யப்பட்டு, பின்பக்கம் சிறு முட்கள் போல நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் பலவற்றில் மின்சாரம் ஓடும். இந்தப் பக்கம் கேபினெட்டின் உலோகத் தகட்டில் படக் கூடாது. அதற்காகத்தான் தகட்டின் மேல் குட்டையான பித்தளைத் தூண்கள் இருக்கின்றன. கடைகளில் ஸ்டாண்ட்ஆஃப் என்பார்கள். போர்டில் துளை இருக்கும் இடத்துக்கு நேராகத் தூண் இருக்க வேண்டும், அதன் மேல் போர்டை வைத்து ஸ்க்ரூ போட வேண்டும்.

போர்டுகளின் அளவு வேறுபடும். துளைகளின் இடமும் வேறுபடும். பெரிய போர்டுக்காகப் பொருத்திய தூண்களை அப்படியே விட்டுவிட்டு அதே கேபினெட்டில் சிறிய போர்டை வைத்தால், ஏதோ ஒரு தூண் துளையில்லாத இடத்தில் போர்டின் முதுகைத் தொட்டுக்கொண்டு நிற்கலாம். கேபினெட் முழுவதும் மின்சுற்றின் கிரவுண்டோடு இணைந்தது. மின்சாரம் உள்ள ஒரு முனை அந்தத் தூணைத் தொட்டால் அதுவே ஷார்ட்.

ஷார்ட் என்றதும் எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ள வெளியீட்டை நிறுத்திவிடும். பட்டனை அழுத்தியதும் ஃபேன் அரை விநாடி அசைந்து நின்றுவிடும். மறுபடி அழுத்தினால் பல நேரங்களில் அசையக்கூட அசையாது. மின் இணைப்பைப் பிடுங்கிச் சிறிது நேரம் கழித்துச் செருகினால் மீண்டும் அரை விநாடி அசையும். சித்தி மகனின் கம்ப்யூட்டர் செய்ததும் அச்சு அசலாக இதுதான்.

கேபினெட்டில் சந்தேகப்பட வேண்டியவை இன்னும் உண்டு. பவர் பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டால், அதை யாரோ அழுத்திப் பிடித்திருப்பதாகவே போர்டு நினைக்கும். ஆன் ஆன நாலைந்து விநாடியில் தானே அணைந்துவிடும். முன்பக்க யுஎஸ்பி துளைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்து முனைகள் வளைந்திருந்தால் அங்கேயும் ஷார்ட் ஆகலாம். இவை எதிலும் போர்டு மேல் தவறில்லை.

வெளியே எடுக்கும் முன்

தாம்பரத்தில் அவன் புது வீட்டுக்குப் போனபோது மணி பத்து. "ஹார்டு டிஸ்க்ல இருக்கிற ஃபைல் எல்லாம் என்னண்ணா ஆகும்?" என்பதுதான் முதல் கேள்வி. டிஸ்கை முதலிலேயே கழற்றி ஓரமாக வைத்துவிடுவோம், சோதனைக்கு அது தேவையே இல்லை என்று சொன்னதும் முகம் கொஞ்சம் தெளிந்தது.

முதலில் சுவரிலிருந்து கேபிளைப் பிடுங்கினோம். பிறகு கேபினெட்டின் பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தோம். போர்டில் மிச்சமிருக்கும் மின்சாரம் அப்படித்தான் வடியும். அடுத்து, உள்ளே எந்த கேபிள் எங்கே போகிறது என்று போனில் நாலைந்து படங்கள். முக்கியமாக, பட்டன் மற்றும் விளக்குகளுக்கான மெல்லிய வயர்கள் செருகியிருக்கும் மூலையை நெருக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பொருத்தும்போது நேரம் சாப்பிடுவது அந்த மூலைதான்.

போர்டைத் தொடும் முன் எஸ்எம்பிஎஸ்ஸின் பெயிண்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்ளுங்கள். உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் போய்விடும். எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி வெளியே எடுக்கலாம். அதன் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் தேங்கியிருக்கும்.

போர்டை எதன் மேல் வைப்பது?

அட்டைப் பெட்டி மேல். மதர்போர்டு வாங்கியபோது வந்த பெட்டி இருந்தால் அதுவே அளவாக இருக்கும். இல்லாவிட்டால் மரமேசை மேல் தடிமனான அட்டை போதும்.

ஒரு தவறைப் பலரும் செய்கிறார்கள். போர்டு வந்த வெள்ளி நிறப் பையின் மேல் வைத்து ஆன் செய்வது. அந்தப் பை நிலைமின்சாரத்திலிருந்து காக்கத்தானே இருக்கிறது, பாதுகாப்பானது என்ற எண்ணம். ஆனால் அதில் உலோகப் படலம் இருக்கிறது, அதன் மேற்பரப்பு ஓரளவு மின்சாரத்தைக் கடத்தும். எடுத்துச் செல்லத்தான் அந்தப் பை. ஷார்ட்டைக் கண்டுபிடிக்கப் போகிற நேரத்தில் நாமே இன்னொரு சந்தேகத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டாமே!

இருக்க வேண்டியவை இவ்வளவுதான்

எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு, ஃபேனோடு சேர்ந்த பிராசஸர், ஒரே ஒரு ரேம். பிராசஸரையும் அதன் மேலுள்ள ஹீட் சிங்க்கையும் கழற்ற வேண்டியதில்லை, போர்டோடு அப்படியே தூக்கிவிடலாம். ஃபேன் வயர் அதன் இடத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஹீட் சிங்க் இல்லாமல் ‘சும்மா ஒரு செகண்ட்’ கூட ஆன் செய்யக் கூடாது.

ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு, கீபோர்டு, மவுஸ், முன்பக்க யுஎஸ்பி எதுவும் வேண்டாம். நாம் விண்டோஸ் வரை போகப் போவதில்லை. பயாஸ் திரை வந்தால் போதும். அந்தத் திரைக்கு டிஸ்க் தேவையில்லை.

கிராபிக்ஸ் கார்டில் மட்டும் ஒரு நிபந்தனை. பிராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருந்தால்தான் கார்டு இல்லாமல் படம் வரும். சித்தி மகனுடையது 10-ம் தலைமுறை ஐ5, 10400. அதில் உள்ளே கிராபிக்ஸ் உண்டு. அதே பிராசஸரின் பெயர் ‘எஃப்’ எழுத்தோடு முடிந்திருந்தால் கிடையாது. அப்போது கார்டையும் மாட்டித்தான் பார்க்க வேண்டும். கார்டின் உலோகப் பட்டை போர்டின் மட்டத்தைவிடக் கீழே நீளும் என்பதால், பெட்டியின் விளிம்பை ஒட்டி போர்டை வைத்துக்கொள்ளுங்கள். கார்டு இல்லையென்றால் மானிட்டர் கேபிளை மதர்போர்டின் சாக்கெட்டில் மாட்ட மறக்காதீர்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து போர்டுக்கு இரண்டு கேபிள்கள் போக வேண்டும். ஒன்று அகலமான 24 முனை. மற்றது பிராசஸருக்கு அருகே செருகும் 8 முனை. பழைய போர்டுகளில் 4. இரண்டாவதை மறந்தால் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், திரையில் மட்டும் ஒன்றும் வராது. கிராபிக்ஸ் கார்டுக்கான 8 முனை கேபிளும் பார்க்க இதே போலத்தான் இருக்கும், ஆனால் வேறு. சரியான கேபிள் இயல்பாக இறங்கும். இறங்கவில்லையென்றால் அழுத்தி நுழைக்காதீர்கள்.

இன்னொரு சின்னப் பொருள் கையில் இருந்தால் நல்லது. போர்டில் ஸ்பீக்கர் என்று குறித்திருக்கும் முனைகளில் செருகும் குட்டி பஸ்ஸர். கம்ப்யூட்டர் கடைகளில் சொற்ப விலைக்குக் கிடைக்கும். திரையில் ஒன்றுமே வராத நேரத்தில் போர்டு பேசுவது இதன் வழியாகத்தான்.

பட்டன் இல்லாமல் ஆன் செய்வது

கேபினெட் இல்லையென்றால் பவர் பட்டனும் இல்லை. அந்தப் பட்டன் செய்வது இவ்வளவுதான்: போர்டில் பவர் ஸ்விட்ச் என்று குறித்திருக்கும் இரண்டு முனைகளை ஒரு கணம் இணைப்பது. அதையே தட்டையான ஸ்க்ரூ டிரைவரின் நுனியால் செய்யலாம். இரண்டு முனைகளையும் சேர்த்து அரை விநாடி தொட்டுவிட்டு எடுத்துவிட வேண்டும். எந்த இரண்டு முனைகள் என்பது அந்த மாடலின் கையேட்டில் படத்தோடு இருக்கும். தயாரிப்பாளரின் தளத்தில் பிடிஎஃப் கிடைக்கும். பக்கத்து முனைகளை ஊகத்தில் தொடாதீர்கள்.

நான் தொட்டேன். ஃபேன் சுற்றியது. அரை விநாடி... ஒரு விநாடி... நிற்கவில்லை! பஸ்ஸரில் ஒரு சின்ன பீப். சில விநாடிகளில் மானிட்டரில் தயாரிப்பாளரின் லோகோ, அடுத்து டிஸ்க் எதுவும் இல்லை என்ற செய்தி.

"அண்ணா, போர்டு சாகலையா?"

சாகவில்லை. காலை முதல் 24 ஆயிரம் ரூபாய்க்குத் தீர்ப்பு வாங்கியிருந்த போர்டு அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்து ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

இங்கேயே நிறுத்தக் கூடாது

ஓடிவிட்டது என்ற சந்தோஷத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேபினெட்டுக்குள் திணித்து மூடுவதுதான் அடுத்த பொதுவான தவறு. மறுபடி ஆன் ஆகவில்லையென்றால் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்பீர்கள்.

சேர்ப்பதும் ஒவ்வொன்றாக, அதுவும் வெளியே வைத்தே. ஒவ்வொரு முறையும் அணைத்து, மின்சாரத்தைத் துண்டித்து, ஒரு பாகத்தை மட்டும் சேர்த்து, ஆன் செய்து பார்க்க வேண்டும். இரண்டாவது ரேம் போட்டோம், ஓடியது. கிராபிக்ஸ் கார்டு, ஓடியது. எஸ்எஸ்டி மாட்டினோம், விண்டோஸே வந்தது. கடைசியாக ஹார்டு டிஸ்க். அவன் கல்யாண வீடியோ ஃபோல்டரைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மூச்சே விட்டான்.

இப்போது எல்லாப் பாகங்களும் மேசை மேல் ஓடுகின்றன. மிச்சம் கேபினெட் ஒன்றுதான்.

கேபினெட்டையும் இரண்டாகப் பிரித்தே பார்த்தோம். போர்டை ஸ்க்ரூ போட்டு உள்ளே வைத்து, முன்பக்க வயர் ஒன்றைக்கூட மாட்டாமல், ஸ்க்ரூ டிரைவரால் ஆன் செய்தோம். அரை விநாடியில் நின்றது. ஆக, பட்டன் மேலும் முன்பக்க யுஎஸ்பி மேலும் சந்தேகமில்லை. போர்டு தகட்டோடு சேரும் இடத்தில்தான் ஏதோ இருக்கிறது.

போர்டை மறுபடி எடுத்துத் திருப்பி, டார்ச் அடித்துப் பார்த்தோம். கிராபிக்ஸ் கார்டு செருகும் ஸ்லாட்டின் பின்பக்கம் ஒரு சின்னப் பளபளப்பு. மேற்பூச்சு தேய்ந்து, ஒரு சாலிடர் முனையின் ஓரத்தில் கீறல். கேபினெட்டில் அதற்கு நேராக ஒரு பித்தளைத் தூண். போர்டில் அந்த இடத்தில் துளையே இல்லை.

மூன்று வாரம் ஓடியது எப்படி?

"ஆனா இந்த கேபினெட்டுக்கு மாத்தி மூணு வாரம் நல்லாத்தானே ஓடுச்சு?" என்று அவன் கேட்டது நியாயமான கேள்வி.

நண்பர் ஒருவர் தந்த கேபினெட் அது. முன்பு அதில் பெரிய போர்டு இருந்திருக்கிறது. தூண்களைச் சரிபார்க்காமல் இவனுடைய சிறிய போர்டை அப்படியே வைத்துப் பூட்டியிருக்கிறான். அந்தத் தூண் முதல் நாளிலிருந்தே போர்டை உரசியபடிதான் இருந்திருக்கும், மின்சாரம் உள்ள முனையைத் தொடாமல் மயிரிழையில் தப்பியிருக்கிறது.

பிறகு வீடு மாறியிருக்கிறார்கள். டெம்போவில் கேபினெட்டைப் பக்கவாட்டில் படுக்க வைத்துக் கொண்டுவந்ததாகச் சொன்னான். போர்டு கீழே, அதன் மேல் கனமான கிராபிக்ஸ் கார்டு நட்டுக்கொண்டு நிற்க, சாலையின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் கார்டின் எடை அந்த ஸ்லாட்டைத் தூணின் மேல் அழுத்தியிருக்க வேண்டும். பூச்சு தேய்ந்து முனை தூணைத் தொட்டது அப்போதுதான் என்பது என் கணிப்பு. புது வீட்டில் முதல் முறை பட்டனை அழுத்தியபோதே ஆன் ஆகவில்லை என்பதும் இதோடு பொருந்துகிறது.

தூணைக் கையாலேயே திருகிக் கழற்றினோம். மற்றத் தூண்களையும் போர்டின் துளைகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தோம். போர்டை வைத்து ஆன் செய்தால் ஓடியது. பூச்சுக்குக் கீழே வேறு சேதம் ஏதும் இருக்குமோ என்ற பயத்தில் இரண்டு மணி நேரம் வீடியோ ரெண்டர் ஓடவிட்டுப் பார்த்தோம். பிரச்சினையில்லை. செலவு பூஜ்யம். நேரம், ரெண்டரைக் கழித்தால், ஒன்றரை மணி நேரம்.

கடைக்காரர் ‘ஷார்ட்’ என்று சொன்னது சரிதான். பாகங்களைக் கழற்றிப் பார்த்ததும் சரிதான். கேபினெட்டுக்குள் வைத்தே எல்லாவற்றையும் கழற்றியதால், கடைசியில் மிஞ்சிய போர்டு மேல் பழி விழுந்துவிட்டது.

வெளியேயும் ஆன் ஆகாவிட்டால்?

எல்லாக் கதையும் இப்படி இனிமையாக முடியாது. அட்டைப் பெட்டி மேல் வைத்தும் உயிர் வரவில்லையென்றால், சந்தேகம் நான்கு பொருள்களுக்குள் சுருங்கிவிட்டது என்று அர்த்தம். அங்கிருந்து போகும் வழி இது.

முதலில் அந்த ஒரு ரேமையும் கழற்றிவிட்டு ஆன் செய்து பாருங்கள். ரேம் இல்லையென்று போர்டு பீப் அடித்துப் புகார் சொல்ல வேண்டும். நீளமாக அடிக்குமா, விட்டுவிட்டு அடிக்குமா என்பது மாடலுக்கு மாடல் மாறும். பீப் வந்தால் பெரிய ஆறுதல். புகார் சொல்லும் அளவுக்கு எஸ்எம்பிஎஸ், போர்டு, பிராசஸர் மூன்றும் வேலை செய்கின்றன. அப்போது ரேமையோ அதன் ஸ்லாட்டையோதான் சந்தேகிக்க வேண்டும். இன்னொரு ரேம், இன்னொரு ஸ்லாட் என்று மாற்றிப் பாருங்கள். பஸ்ஸருக்குப் பதிலாக பிராசஸர், ரேம், கிராபிக்ஸ், பூட் என்று நான்கு சின்ன விளக்குகள் உள்ள போர்டுகளும் உண்டு. எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் தடை. டிஸ்க் மாட்டாமல் சோதிக்கும்போது பூட் விளக்கு நின்றால் கவலை வேண்டாம், அது எதிர்பார்த்ததே.

இங்கே கொஞ்சம் பொறுமையும் தேவை. ரேமை மாற்றிய பிறகு முதல் முறை ஆன் செய்யும்போது போர்டு அதைப் பழக நேரம் எடுக்கும். புதிய டிடிஆர்5 கம்ப்யூட்டர்கள் சிலவற்றில் கறுப்புத் திரையோடு பல நிமிடங்கள்கூட ஆகலாம். அதற்குள் அணைத்து அணைத்துப் போட்டால், நல்ல ரேமையும் கெட்டது என்று முடிவு கட்டிவிடுவீர்கள்.

அடுத்தது பயாஸ் அமைப்புகளை அழிப்பது. மின்சாரத்தைத் துண்டித்து, போர்டில் உள்ள நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடங்கள் எடுத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். ரேம் வேகத்தை ஏற்றிவைத்ததால் நின்றுபோன சில கம்ப்யூட்டர்கள் இதிலேயே எழுந்துவிடும்.

அதற்கும் அசையவில்லையென்றால், நன்றாக ஓடும் எஸ்எம்பிஎஸ் ஒன்றைக் கடன் வாங்கிப் பாருங்கள். அப்படி வாங்கும்போது அதனுடைய கேபிள்களையும் சேர்த்தே வாங்குங்கள். கேபிள்களைக் கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ்களில் போர்டுப் பக்க முனை ஒரே மாதிரி இருந்தாலும், எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் வயர் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பழைய கேபிளைப் புது எஸ்எம்பிஎஸ்ஸில் செருகினால் 12 வோல்ட் போகக் கூடாத இடத்துக்குப் போய், அதுவரை நல்லா இருந்த போர்டும் டிஸ்க்கும் போய்விடும்.

இவ்வளவுக்குப் பிறகும் மௌனம் என்றால் போர்டா, பிராசஸரா என்ற கேள்விதான் மிச்சம். இங்கே வீட்டுச் சோதனையின் எல்லை வந்துவிடுகிறது. பொருந்தக்கூடிய இன்னொரு பிராசஸரோ போர்டோ இல்லாமல் இதற்கு விடை கிடைக்காது. அந்தச் சமயத்தில் கடைக்குப் போவதுதான் சரி. ஆனால் இப்போது நீங்கள் ‘ஆன் ஆகல’ என்று மட்டும் சொல்லப் போவதில்லை. "வெளியே வச்சுப் பாத்தாச்சு, ரேம் மாத்தியாச்சு, எஸ்எம்பிஎஸ் மாத்தியாச்சு, பீப் வரல" என்று சொல்வீர்கள். பேச்சே வேறு மாதிரி போகும்.

இன்னொரு எல்லையும் உண்டு. இந்தச் சோதனை, ஆன் ஆகாத கம்ப்யூட்டருக்கானது. ஆன் ஆகி இருபது நிமிடம் கழித்து அணைவது, கேம் ஆடும்போது மட்டும் ரீஸ்டார்ட் ஆவது போன்றவற்றை அட்டைப் பெட்டி காட்டிக்கொடுக்காது. குறைந்த பாகங்களோடு ஓடும்போது எஸ்எம்பிஎஸ் மேல் சுமையே இல்லை, சூடும் இல்லை. அங்கே ஓடிவிட்டது என்பதற்காக எஸ்எம்பிஎஸ்ஸுக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிட முடியாது.

கடைக்காரர்கள் ஏன் செய்வதில்லை?

அவர்களைத் திட்டுவது சுலபம். ஆனால் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு போர்டைக் கழற்றி, வெளியே வைத்து, ஒவ்வொன்றாகச் சேர்த்து, திரும்பப் பூட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்கு அவர் 500 ரூபாய் கேட்டால், "என்னங்க, பாகம் எதுவும் மாத்தல, சும்மா பாத்ததுக்கு ஐந்நூறா?" என்று நாம்தான் சண்டை போடுவோம். புது போர்டுக்குள் அதே உழைப்புக் கூலியை மறைத்துத் தந்தால் சத்தமில்லாமல் கொடுத்துவிடுகிறோம். பாகத்துக்குக் காசு, கண்டுபிடித்ததற்குக் காசு இல்லை என்று நாம் வைத்திருக்கும் வழக்கம்தான் அவரைப் பாகம் விற்கும் பக்கம் தள்ளுகிறது.

‘மாற்றுப் போர்டை மாட்டிப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடுமே’ என்று அவர்கள் சொல்லலாம். பொருந்தும் போர்டு கையிருப்பில் இருந்தால் உண்மைதான். ஆனால் இவனுடையது போன்ற பழைய சாக்கெட்டுக்கு எந்தக் கடையில் உதிரி போர்டு சும்மா கிடக்கிறது? கிடைத்தாலும், அதே தூண் இருக்கும் அதே கேபினெட்டில் மாட்டினால் அதுவும் ஷார்ட் ஆகும். துளைகள் வேறு இடத்தில் அமைந்து புது போர்டு தப்பித்துக்கொண்டால், ‘பாத்தீங்களா, பழைய போர்டுதான் பிரச்சினை’ என்ற தவறான முடிவு உறுதியாகிவிடும்.

அதனால் என் யோசனை எளிது. கடையில் கம்ப்யூட்டரைக் கொடுக்கும்போதே, "போர்டை வெளியே எடுத்து வச்சு டெஸ்ட் பண்ணுங்க, அதுக்கான சார்ஜ் தனியா தர்றேன்" என்று சொல்லிவிடுங்கள். ‘போர்டு போச்சு’ என்று பதில் வந்தால், வெளியே வைத்தும் ஆன் ஆகவில்லையா, எந்த எஸ்எம்பிஎஸ்ஸில் பார்த்தீர்கள் என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் புது போர்டுக்குத் தாராளமாகப் பணம் கொடுக்கலாம். மழுப்பினால் கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

சித்தி மகன் திங்கட்கிழமை காலை வீடியோவைக் கொடுத்துவிட்டான். கழற்றிய அந்தப் பித்தளைத் தூணை மானிட்டருக்குக் கீழே வைத்திருக்கிறான். "24 ஆயிரம் ரூபா ஸ்க்ரூ அண்ணா இது" என்கிறான். கேபினெட்டைக் கொடுத்த அந்த நண்பர் இப்போது வேறொருவருக்கு இன்னொரு பழைய கேபினெட் தரப் போகிறாராம். முதலில் தூண்களை எண்ணச் சொல்லி போன் போட்டிருக்கிறான்.